மீன்பாட்டைப் பங்கிடும் கணக்கு: படகு, இயந்திரம், வலை, ஆள்

தமிழகக் கடற்கரையில் மீன்பிடிப் படகில் தொழிலுக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் நாட்கூலி கிடையாது. அன்றைய மீன்பாட்டை விற்று வந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு போன்ற செலவுகளைக் கழித்துவிட்டு, மிஞ்சியதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கடலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஆள் பங்கு உண்டு. படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் தனித்தனியே பங்கு உண்டு. அவை உரிமையாளரைச் சேரும். இதனால் உரிமையாளரின் வருமானம் தனி ஆள் ஒருவரின் வருமானத்தைப் போல மூன்று, நான்கு மடங்காக அமைகிறது.

இந்த முறையைப் பற்றிப் பேசும்போது கவனம் முழுவதும் பங்கு விகிதத்தின்மேலேயே விழுகிறது: பாதிக்குப் பாதியா, மூன்றுக்கு நான்கா என்று. ஆனால் ஆளின் கைக்கு வரும் தொகையை விகிதம் மட்டும் முடிவு செய்வதில்லை. பங்கிடுவதற்கு முன் எதைக் கழிக்கிறார்கள், யார் பெயரில் கழிக்கிறார்கள், மீனுக்கு என்ன விலை எழுதுகிறார்கள் என்ற மூன்றுக்கும் விகிதத்துக்கு நிகரான பங்கு உண்டு. விகிதம் மாறாமலே ஒருவரின் வருமானம் குறையலாம். காலையில் போய் மாலைக்குள் திரும்பும் சிறு படகு ஒன்றின் கணக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும்.

கணக்கின் வரிசை

சோழமண்டலக் கடற்கரையில் இன்று மிகுதியாக ஓடுவது ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகப் பெரும் எண்ணிக்கையில் வந்து, கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. நான்கைந்து பேர் செவுள் வலையோடு இதில் விடியுமுன் புறப்பட்டு, ஏலத்துக்குத் தோதான நேரத்தில் கரை திரும்புவது வழக்கம்.

படகு கரைசேர்ந்ததும் மீனை வலையிலிருந்து கழற்றி, இனம் பிரித்து, கூடைகளில் இடுகிறார்கள். வீட்டுக் குழம்புக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்வது ஏலத்துக்கு முன்பே நடந்துவிடும். அது கணக்கில் வராது. பிறகு ஏலம். ஏலம் விடுபவர் விற்ற தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று தரகு எடுத்துக்கொள்வார். மீதியிலிருந்து டீசல் பங்க், ஐஸ் கடை, சாப்பாட்டுச் சிட்டைகளின் தொகை கழியும். அதற்கும் பிறகு நிற்பதுதான் பங்குக்கு வரும் பணம்.

இனி எண்கள். கீழே வருபவை எந்த ஊரின் சராசரியும் அல்ல. கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட மாதிரி. நான்கு பேர் போன படகில் 60 கிலோ கானாங்கெளுத்தி, 10 கிலோ பாறை, 6 கிலோ வஞ்சிரம் கிடைத்ததாகக் கொள்வோம். கானாங்கெளுத்தி கிலோ 140 ரூபாய்க்குப் போனால் 8,400. பாறை 200 வீதம் 2,000. வஞ்சிரம் 600 வீதம் 3,600. ஏலத் தொகை 14,000 ரூபாய். தரகு 5 சதவீதம் என்றால் 700 போக 13,300 நிற்கும். டீசல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்து 28 லிட்டருக்கு 2,800, ஐஸுக்கு 350, சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் 350. ஆக 3,500 கழிந்தால் பங்குக்கு வருவது 9,800 ரூபாய்.

நான்கு ஆள் பங்கு, படகுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று என மொத்தம் ஏழு பங்கு. ஒரு பங்கு 1,400 ரூபாய். கரையிலிருக்கும் உரிமையாளருக்கு மூன்று பங்காக 4,200 ரூபாய் கிடைக்கும். அவரே நால்வரில் ஒருவராகக் கடலுக்குப் போயிருந்தால் நான்கு பங்காக 5,600 ரூபாய். மற்ற மூவருக்கும் ஆளுக்கு அதே 1,400தான். பங்குகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். சில இடங்களில் செலவு போக மிஞ்சியதைச் சரிபாதியாக்கி, ஒரு பாதியை உரிமையாளருக்கும் மறுபாதியை ஆட்களுக்கும் தருகிறார்கள். படகை ஓட்டுபவருக்கு ஒன்றரைப் பங்கு தரும் வழக்கமும் உண்டு. எந்த வடிவமானாலும் கணக்கின் வரிசை ஒன்றே: முதலில் விற்பனை, அடுத்துத் தரகு, பிறகு செலவு, கடைசியில் பங்கு.

பெரிய பங்கு எதற்கு

உரிமையாளருக்குப் போகும் மூன்று பங்கும் லாபம் அல்ல. தேய்ந்துகொண்டே போகும் பொருள்களை ஈடுசெய்யும் பணமும் அதில் அடங்கும். மாதிரிக்கு, படகின் விலை 4,00,000 ரூபாய், ஆயுள் பத்து ஆண்டு. இயந்திரம் 1,20,000 ரூபாய், ஆயுள் ஐந்து ஆண்டு. வலைகள் 3,00,000 ரூபாய், ஆயுள் மூன்று ஆண்டு என்று கொள்வோம். ஓர் ஆண்டின் தேய்மானம் படகுக்கு 40,000, இயந்திரத்துக்கு 24,000, வலைக்கு 1,00,000. பழுதுபார்க்க 40,000 ரூபாயும், போட்ட 8,20,000 ரூபாய்க்குப் பத்து சதவீத வட்டியாக 82,000 ரூபாயும் சேர்த்தால் ஆண்டுக்கு 2,86,000 ரூபாய் ஆகிறது.

ஆண்டில் 150 நாள் தொழிலுக்குப் போய், நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்து ஒரு பங்கு சராசரியாக 600 ரூபாய் என்று வந்தால், மூன்று பங்குக்கும் சேர்ந்து 2,70,000 ரூபாய் கிடைக்கும். செலவுக்கே 16,000 ரூபாய் குறைகிறது. சராசரி 800 ரூபாயானால் 3,60,000 வந்து, 74,000 ரூபாய் மிஞ்சும். சிறு உரிமையாளர்கள் தாமும் கடலுக்குப் போவதன் காரணம் இதில் இருக்கிறது. முதலீட்டின் பங்குகள் பொருள்களைப் பராமரிக்கவே சரியாகிவிடும்போது, குடும்பம் நடத்த அவருக்கும் ஆள் பங்கே துணை.

இதே கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. தேய்மானத்தில் பெரும்பகுதியை விழுங்குவது வலை. பாறையில் சிக்கியோ, இழுவைப் படகு குறுக்கே ஓடியோ வலை அறுந்துபோனால் ஆண்டுக் கணக்கே கவிழும். அந்த இழப்பைத் தாங்கத்தான் வலைக்குத் தனிப் பங்கு ஏற்பட்டது. ஆகவே வலைப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையாளர், புது வலைத் துண்டின் விலையை அன்றாடச் செலவில் சேர்த்துக் கழித்தால், ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் எடுத்தவராகிறார். கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்து பின்னிச் சீர்செய்வது பல ஊர்களில் ஆட்களின் வேலை. அதற்குத் தனிக் கூலி இல்லை, ஆள் பங்கிலேயே அது அடக்கம்.

எது பொதுச் செலவு

அன்றைய பயணத்தில் தீர்ந்துபோவது பொதுச் செலவு, பயணம் முடிந்த பிறகும் நிலைத்திருப்பது உரிமையாளர் செலவு என்று பொது விதியைச் சொல்லலாம். டீசல், ஐஸ், சாப்பாடு, தூண்டில் தொழிலானால் இரை ஆகியவை முதல் வகை. படகு, இயந்திரம், வலை, ஐஸ் பெட்டி, ஜிபிஎஸ் கருவி ஆகியவை இரண்டாம் வகை. தகராறு வருவது இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றில். இன்ஜின் ஆயில் பல பயணங்களுக்கு வரும், ஆனால் தீர்ந்தும் போகும். அதை வாங்கிய நாளின் கணக்கிலேயே முழுவதும் கழித்தால், அன்று போனவர்கள் அடுத்த வாரம் போகிறவர்களின் செலவையும் சுமக்கிறார்கள்.

டீசலிலும் இதே சிக்கல் உண்டு. புறப்படும்போது நிரப்பிய அளவைச் செலவாக எழுதுவது எளிது. தொட்டியில் மீதி நிற்பதை யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்ததும் தொட்டியை மறுபடி நிரப்பி, அப்போது எவ்வளவு பிடித்ததோ அதையே அன்றைய செலவாக எழுதுவது சரியான வழி. வாங்கிய டீசல் வரிச்சலுகை விலையில் கிடைத்ததா, பங்க் விலையில் வாங்கியதா என்பதும் சிட்டையில் தெரிய வேண்டும். சலுகை விலையில் வாங்கியதைச் சந்தை விலையில் எழுதினால், அந்த வித்தியாசம் பங்குக்கு வராமல் உரிமையாளரிடமே தங்கிவிடும்.

ஐஸ் செலவு தொகையில் சிறியது, விளைவில் பெரியது. வெப்பக் கடலில் ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மேலே சொன்ன படகில் 160 ரூபாய் ஐஸைக் குறைத்து எடுத்துப் போனதாக வைத்துக்கொள்வோம். வயிறு இளகி, கண் வெளுத்த கானாங்கெளுத்தி கிலோவுக்கு 20 ரூபாய் குறைந்து போனால், 60 கிலோவில் 1,200 ரூபாய் இழப்பு. தரகு போக அது 1,140. மிச்சம் பிடித்த 160 ரூபாயைக் கழித்தாலும் பங்குப் பணம் 980 ரூபாய் குறைகிறது. அதாவது பங்குக்கு 140 ரூபாய்.

எண்ணெய்ச் செலவை முதலில் கழிப்பதன் விளைவு

செலவைப் பொதுவில் கழித்துவிட்டுப் பங்கிடுவது எல்லோருக்கும் பழகிய வழி என்றாலும், வேறு வழியும் உண்டு. தரகு போக நின்ற பணத்தில் ஆட்களுக்கு ஒரு சதவீதத்தைத் தந்துவிட்டு, டீசல், ஐஸ் செலவு முழுவதையும் உரிமையாளர் தன் பங்கிலிருந்தே ஏற்கலாம். நம் மாதிரியில் ஆட்களுக்கு 40 சதவீதம் என்று வைத்தால், 13,300இல் 5,320 ரூபாய் அவர்களுக்கு; ஆளுக்கு 1,330. உரிமையாளருக்கு வரும் 7,980இல் செலவு 3,500 போக 4,480 நிற்கும். நல்ல நாளில் இரண்டு வழிக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

மீன்பாடு குறைந்த நாளில்தான் வேற்றுமை வெளிப்படும். ஏலத்தில் 4,200 ரூபாய் மட்டுமே வந்தது, செலவு மட்டும் அதே 3,500 என்று கொள்வோம். தரகு 210 போக 3,990. செலவு போக 490. ஏழு பங்கு முறையில் ஒரு பங்கு 70 ரூபாய். விற்பனை நூற்றுக்கு 70 குறைந்தது. ஆளின் வருமானமோ நூற்றுக்கு 95 குறைந்துவிட்டது. செலவு அசையாமல் நிற்க, விற்பனை மட்டும் இறங்குவதால் இப்படி ஆகிறது. சதவீத முறையிலோ ஆட்களுக்கு 1,596 ரூபாய், ஆளுக்கு 399 கிடைக்கும். உரிமையாளருக்குக் கையிலிருந்து 1,106 ரூபாய் போகும். பொதுச் செலவு முறை கெட்ட நாளின் பாரத்தை ஆட்கள்மேலும் ஏற்றுகிறது. சதவீத முறை அதை உரிமையாளர் ஒருவர்மேலேயே விடுகிறது.

டீசல் விலை ஏறினாலோ, மீனைத் தேடி மேலும் தூரம் போக நேர்ந்தாலோ இதுவே நடக்கும். கூடுதலாக 14 லிட்டர் எரிந்தால் 1,400 ரூபாய். ஏழு பங்கு முறையில் பங்கு 1,400இலிருந்து 1,200ஆக இறங்கும். கூடுதல் செலவில் 800 ரூபாயை நான்கு ஆட்களும், 600 ரூபாயை உரிமையாளரும் சுமக்கிறார்கள். விகிதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டீசல் விலை ஏற்றம் ஆட்களின் ஊதியக் குறைப்பாக மாறுவது இவ்வாறுதான்.

அப்படியிருந்தும் பொதுச் செலவு முறை இத்தனை ஊர்களில் நிலைத்திருப்பதற்குக் காரணம், கடலில் எடுக்கும் முடிவில் அது எல்லோரையும் ஒரே பக்கம் நிறுத்துவது. அந்த 1,400 ரூபாய் டீசலை எரித்து இன்னும் தூரம் போகலாமா என்ற கேள்வி எழுந்தால், கூடுதலாகக் கிடைக்கும் மீன் 1,474 ரூபாய்க்கு மேல் போனால் தரகு போகவும் லாபம். ஆளுக்கும் உரிமையாளருக்கும் கணக்கு ஒன்றே. சதவீத முறையில் டீசல் ஆட்களின் பணம் அல்ல என்பதால், எவ்வளவு மீன் கூடினாலும் அவர்களுக்கு நன்மை, போகலாம் என்பார்கள். உரிமையாளருக்கோ கூடுதல் விற்பனையில் தரகு போக 60 சதவீதமே வரும். அந்தக் கூடுதல் விற்பனை 2,456 ரூபாயைத் தாண்டினால்தான் அவருக்குக் கட்டும். கூடுதலாக 2,000 ரூபாய் மீன் கிடைக்கும் இடம் படகு முழுவதுக்கும் லாபம் தந்தாலும், உரிமையாளர் வேண்டாம் என்பார். நடுக்கடலில் மேற்பார்வை செய்ய ஆளில்லாத தொழிலில் இந்தப் பிணக்கு அடிக்கடி எழக்கூடியது.

நட்ட நாளின் கணக்கு

ஏலத் தொகை 3,000 ரூபாயாகப் போனால் தரகு போக 2,850 நிற்கும், செலவு 3,500. 650 ரூபாய் நட்டம். இதை உரிமையாளரே ஏற்பது ஒரு வழி. ஏழு பங்கிலும் பிரித்து எழுதுவது இரண்டாவது. அடுத்த நாள் கணக்கில் சேர்த்துக் கழிப்பது மூன்றாவது.

மூன்றாவது வழி சிக்கலற்றது போலத் தோன்றும். ஆனால் ஆட்கள் மாறும்போது அதன் குறை வெளிப்படும். மறுநாள் 9,800 ரூபாய் பங்குக்கு வந்து, முந்தைய நட்டம் 650 கழிந்தால் 9,150 நிற்கும். பங்கு ஏறத்தாழ 1,307 ரூபாய். முந்தைய நாள் போன ஒருவர் வராமல் அவர் இடத்தில் வேறொருவர் போயிருந்தால், புதியவர் தாம் காணாத நாளின் நட்டத்தில் 93 ரூபாய் கட்டுகிறார், வராதவர் தப்பித்துவிடுகிறார். ஆகவே நட்டத்தைத் தள்ளி எழுதும் ஊர்களில், எந்த நாளின் ஆட்கள் யார் யார் என்ற பெயர்ப் பட்டியலும் கணக்கோடு இருக்க வேண்டும்.

நாட்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் பெரிய விசைப்படகுகளில், அதாவது தங்கல் தொழிலில், இந்தப் பிரச்சினை பன்மடங்காகும். டீசலும் ஐஸும் பெருந்தொகையாகி, ஒரு பயணத்தின் நட்டம் பல பயணங்களைத் தின்னும். அதனால்தான் அங்கே பங்கோடு தினப்படியும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் காணப்படுகிறது. மீன் கிடைக்காத பயணத்திலும் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக அது உதவும்.

தரகுக்குள் மறைந்திருக்கும் வட்டி

கழிவுகளில் கண்ணுக்கு எளிதில் படாதது தரகு. படகும் வலையும் வாங்க உரிமையாளர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், மீனை அவரிடமே விற்க வேண்டும் என்பது நிபந்தனையாக வரும். வியாபாரி வட்டி என்று தனியாக எதையும் கேட்பதில்லை. கூடுதல் தரகாகவோ, குறைந்த விலையாகவோ அதை எடுத்துக்கொள்கிறார்.

நம் மாதிரியில் தரகு 5 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம் என்றால் 1,400 ரூபாய் போய் 12,600 நிற்கும். செலவு போக 9,100. பங்கு 1,300 ரூபாய். கூடுதலாகப் போன 700 ரூபாயில் 400 ரூபாய் ஆட்களுடையது. கடன் வாங்கியவர் உரிமையாளர், அதனால் வந்த படகும் அவருடையது. வட்டியில் ஏழில் நான்கு பங்கைக் கட்டுபவர்களோ ஆட்கள். வழக்கமான தரகை மட்டும் பொதுவில் கழித்து, அதற்கு மேற்பட்டதை உரிமையாளரின் மூன்று பங்கிலிருந்து எடுத்தால் இந்தக் குறை தீரும்.

விலையைக் குறைத்து எழுதுவதும் இதே வகை. நல்ல வஞ்சிரத்தை ஏலத்துக்கு விடாமல் உரிமையாளரோ அவருக்கு வேண்டிய வியாபாரியோ கிலோ 500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டால், 6 கிலோவில் 600 ரூபாய் கணக்குக்கு வராது. தரகு போக 570 ரூபாய் பங்குப் பணம் குறையும். ஆட்களின் பங்கில் மட்டும் ஏறத்தாழ 326 ரூபாய். அதே நாளில் அதே துறையில் மற்றப் படகுகளின் வஞ்சிரம் என்ன விலைக்குப் போனது என்பதை ஒப்பிட்டால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

வெளிப்படையான ஏலமும் வியாபாரியைச் சாராத கடனும் இருந்தால் இந்த இரண்டு வழியும் அடைபடும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஊர் அளவிலான மீனவர் சங்கங்கள் மீன் விற்பனையைத் தாமே நடத்தி, உறுப்பினர்களுக்குக் கடனுக்கும் சேமிப்புக்கும் ஏற்பாடு செய்தது இந்த நோக்கத்தோடுதான். அத்தகைய சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. சிஃப்ஸ் என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது.

எழுத வேண்டியவை

பங்கு முறை பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடப்பது. உறவினர்களும் ஒரே ஊர்க்காரர்களும் போகும் படகில் அது பெரிய குறையாகத் தெரியாது. ஏல விலையைப் பக்கத்தில் நின்றே எல்லோரும் கேட்கிறார்கள். உரிமையாளர் கரையிலோ வேறு ஊரிலோ இருந்து, ஆட்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டங்களிலிருந்தோ மாநிலங்களிலிருந்தோ வரும்போது நிலைமை வேறு. முன்பணம் அடைபடும் வரை ஆள் படகை விட்டுப் போக முடியாது. கணக்கைக் கேட்கும் துணிவும் குறையும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2007இல் ஏற்றுக்கொண்ட மீன்பிடித் தொழில் உடன்படிக்கை (எண் 188), பங்கு முறையில் வேலை செய்பவரின் ஒப்பந்தத்தில் பங்கின் அளவையும் அதைக் கணக்கிடும் முறையையும் எழுத வேண்டும் என்கிறது. விகிதத்தோடு கணக்கிடும் முறையையும் கேட்பதுதான் இதில் முக்கியம். ஒரு நாள் தொழில் செய்யும் சிறு படகுக்கு அதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்: மொத்தம் எத்தனை பங்கு, யாருக்கு எத்தனை, பொதுவில் கழியும் செலவுகள் எவை, தரகு எவ்வளவு வரை பொதுக் கணக்கு, உரிமையாளர் எடுத்துக்கொள்ளும் மீனுக்கு எந்த விலை, நட்டம் வந்தால் யார் ஏற்பது. இதோடு அன்றன்றைய டீசல், ஐஸ் சிட்டைகளும் ஏலச் சீட்டும் போனவர்களின் பெயர்களும் இருந்தால், தன் பங்கு எப்படி வந்தது என்பதைப் படகில் போன எவரும் தாமே கூட்டிக் கழித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.